நாயை நகர்த்த முடியாது, தோட்டத்தை நகர்த்தலாம்

செல்லமாக வளர்த்த நாய் போன பிறகு அதைப் படமாக வரைந்து தரச் சொல்லி வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். போனை நீட்டி, முகம் பெரிதாகத் தெரியும் ஒரு போட்டோவைக் காட்டி, "இதுல அப்படியே இருக்கான், இதையே வச்சு நம்ம தோட்டத்துல நிக்கிற மாதிரி போட்டுருங்க" என்பார்கள். தோட்டத்தையும் நின்ற நிலையில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள். இந்த இரண்டையும் அப்படியே சேர்த்து வரைந்தால் நாய் அதே நாயாக இருக்கும், தோட்டமும் அதே தோட்டமாக இருக்கும், ஆனால் நாய் தோட்டத்துக்குள் இருக்காது. மதுரையில் ஃப்ளெக்ஸ் பேனர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், தலைவர் பக்கத்தில் ஒட்டவைத்த மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

எனக்கு அக்ரிலிக்தான் தொழில். ஆனால் இங்கே சொல்லப்போவது பென்சிலில் வரைபவருக்கும் கம்ப்யூட்டரில் வரைபவருக்கும் பொதுவானது, ஏனென்றால் சிக்கல் பெயிண்டில் இல்லை, போட்டோக்களில் இருக்கிறது. சமீபத்தில் முடித்துக்கொடுத்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

அழகர்கோயில் ரோட்டில் வீடு. ரிட்டயர் ஆன டீச்சர். நாய் ராஜபாளையம், பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. பெயர் கருப்பு. வெள்ளை நாய்க்கு ஏன் கருப்பு என்று கேட்க வாயெடுத்தபோதே டீச்சர், "பதினெட்டாம்படிக் கருப்பசாமி பேருப்பா, கலரு பேரு இல்ல" என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் இருந்திருக்கிறது. தோட்டத்தில் நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள், படத்தில் அந்த இடத்தில் அது நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆர்டர்.

முதலில் கேட்டது ஒரிஜினல் ஃபைல்களை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோ சுருங்கிவிடும், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தது என்ற விவரமும் போய்விடும். அதையே டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் இரண்டும் அப்படியே வரும். எனக்கு அந்தத் தேதியும் நேரமும் போட்டோவைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஏன் என்று பின்னால் வரும்.

வந்த போட்டோக்களில் டீச்சருக்குப் பிடித்தது வழக்கம்போல முகத்தை நெருங்கி எடுத்த ஒன்று. போனை மூக்குக்கு முன்னால் ஒன்றரை அடி தூரத்தில் பிடித்து எடுத்தது. ராஜபாளையம் நீள மூஞ்சி உள்ள ஜாதி. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு சாண் தூரம் உண்டு. போன் 50 செ.மீ தூரத்தில் இருந்தால் மூக்கு 50-இல், காது 70-க்கு மேல். பக்கத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும் என்பதால் காதோடு ஒப்பிட மூக்கு ஏறக்குறைய 40 சதவீதம் ஊதிப்போய்விடும். அதே நாயை பத்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் 7 சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. நெருங்கி எடுத்த முகம் நமக்கு அழகாகத் தெரிவதற்குக் காரணம், மடியில் தலையை வைத்துக்கொண்டு பார்க்கும்போது அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் பத்தடி தள்ளி நிற்கும் உடம்பில் அந்தத் தலையைப் பொருத்தினால் வேறு நாய். டீச்சர் போன்றவர்கள் காரணம் சொல்லத் தெரியாமல் "என்னமோ மாதிரி இருக்கே" என்பார்கள், அந்த "என்னமோ" பெரும்பாலும் இதுதான்.

அதனால் நாய் நிற்கும் நிலைக்கு நான் ஒரே ஒரு போட்டோவைத்தான் எடுத்துக்கொள்வேன், அளவும் விகிதமும் முழுக்க அதிலிருந்து. மற்ற எல்லாம் அகராதி மாதிரி பக்கத்தில் இருக்கும், தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளலாம். நெருங்கி எடுத்த முகத்திலிருந்து கண்ணின் நிறம், மூக்கில் உள்ள புள்ளிகள், இமையோரத்து ரோஸ் தோல், இவை மட்டும். ஒரு சின்ன வீடியோவும் இருந்தது, கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து வருவது. வால் எப்படி வளைந்து நிற்கும் என்பதற்கு அதுதான் சாட்சி.

நிலைக்கு நான் எடுத்தது யாரும் கண்டுகொள்ளாத ஒரு போட்டோ. பேரன் சின்னப் பையனாக இருந்தபோது வாசல்படியில் உட்கார்ந்து எடுத்திருக்கிறான். கேட் தூணுக்குப் பக்கத்தில் கருப்பு நிற்கிறது, உடம்பு கொஞ்சம் இடப்பக்கமாக, நெஞ்சு பாதி நம் பக்கம், தலை திரும்பி நம்மைப் பார்க்கிறது. முகம் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு கால்களும் தெரிகின்றன, நிழலும் தரையில் முழுதாக விழுந்திருக்கிறது. காலும் நிழலும் தெரியும் போட்டோ கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் விடக்கூடாது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அந்தப் போட்டோ உட்கார்ந்த பையனின் கண் உயரத்தில் எடுக்கப்பட்டது. டீச்சர் அனுப்பிய தோட்டப் போட்டோ நின்ற ஆளின் கண் உயரத்தில் எடுத்தது, சுமார் ஐந்தடி. ஐந்தடியிலிருந்து பார்த்தால் நாயின் முதுகின் மேல்பக்கம் தெரியும், தரை நம் பக்கமாகச் சரிந்து விரிந்து தெரியும். உட்கார்ந்து பார்த்தால் முதுகு ஒரு கோடு, தரை ஒடுங்கி ஒரு பட்டை. சரிந்து விரிந்த தரையில் ஒடுங்கிய தரைக்குரிய நாயை வைத்தால் அது எங்கே வைத்தாலும் மிதக்கும், அல்லது அட்டையில் வெட்டி நட்டது போல விறைத்து நிற்கும். நிழலைத் திருத்தி, புல்லைச் சேர்த்து, என்ன செய்தாலும் சரிவராது.

இந்த இடத்தில் பலரும் நாயைத் திருத்தப் பார்க்கிறார்கள். முதுகைக் கொஞ்சம் காட்டலாமா, தலையைச் சற்று தூக்கலாமா என்று. இல்லாத நாயை ஊகித்து வரைவது அது, வீட்டுக்காரர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். நாய் போய்விட்டது, அதை இனி வேறு கோணத்தில் பார்க்க வழியில்லை. தோட்டம் அங்கேயேதான் இருக்கிறது. மாற்ற வேண்டியது தோட்டத்தை. நாயின் போட்டோ எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டதோ அதே மாதிரி தோட்டத்தைத் திரும்பப் போய் எடுத்துவர வேண்டும்.

அதற்கு முதலில் அந்தப் போட்டோ எடுத்த உயரம் தெரிய வேண்டும். தெரு ஓரத்துக் கோடும் எதிர் வரிசை வீடுகளின் அடித்தளக் கோடும் தூரத்தில் போய் ஒரு புள்ளியில் சேரும். ஸ்கேலை வைத்து இரண்டையும் நீட்டினால் அந்தப் புள்ளி கிடைக்கும். அதன் வழியாகப் படுக்கையாக ஒரு கோடு போட்டால் அதுதான் எடுத்தவரின் கண்மட்டம். கேமராவின் உயரம் எவ்வளவோ, அதே உயரத்தில்தான் அந்தக் கோடு அந்தத் தரையில் நிற்கும் எல்லாவற்றையும் வெட்டும், கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும். நம் போட்டோவில் அது கருப்பின் தோளை ஒட்டிப் போனது. ஆக கேமரா உயரம் = நாயின் தோள் உயரம்.

தோள் உயரம் எவ்வளவு? உயிரோடு இருக்கும்போது யாரும் டேப் வைத்து அளந்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்னொரு போட்டோவில் அது பிளாஸ்டிக் சேரை ஒட்டி நிற்கிறது, அந்தச் சேர் இன்னும் வீட்டில் இருக்கிறது. சேரின் இருக்கை உயரம் 44 செ.மீ. போட்டோவில் இருக்கைக்கும் தோளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் தோள் 70 செ.மீ வாக்கில் வந்தது. அந்த ஜாதி ஆண் நாய்க்குப் பொருத்தமான உயரம்தான். தூரம் சுலபம், வாசல்படியும் கேட் தூணும் அப்படியே இருப்பதால் டேப் பிடித்தோம், பத்தடி.

அடுத்தது வெயில். அந்தப் போட்டோவில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது, நிழல் வலப்பக்கம் விழுகிறது, நிழலின் நீளம் நாயின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. போன் சொன்ன விவரப்படி பங்குனித் தொடக்கம், மாலை நாலு மணி சுமார். நான் தோட்டத்துக்குப் போனது புரட்டாசியில். நல்லவேளையாக இந்த இரண்டு சமயத்திலும் சூரியன் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். இதே வேலை மார்கழியில் வந்திருந்தால் மாலை வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து வரும், நிழலின் திசை மாறியிருக்கும், கொஞ்சம் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். சித்திரை ஆரம்பத்தில் நடுப்பகலில் என்றால் இன்னும் மோசம், நம்ம ஊரில் அப்போது சூரியன் உச்சந்தலைக்கு மேல், நிழலே காலடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

மாலை வெயில் மேற்கிலிருந்து வரும். அது இடப்பக்கமிருந்து விழ வேண்டுமென்றால் நான் வடக்கு பார்த்து நிற்க வேண்டும். டீச்சர் அனுப்பியிருந்த தோட்டப் போட்டோ கிழக்கு பார்த்து எடுத்தது. அவருக்கு அந்தப் பக்கம்தான் அழகு, மல்லிகைப் பந்தல் தெரியும். "பந்தல் வராதா தம்பி?" என்றார் வருத்தமாக. பந்தல் வேண்டுமென்றால் நாயின் முகத்தில் விழும் வெயிலை மாற்ற வேண்டும் டீச்சர் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் பந்தலுக்கெல்லாம் போக மாட்டான், விடுங்க" என்றார்.

சிலர் இங்கே சுருக்குவழி ஒன்று சொல்வார்கள், நாயின் போட்டோவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் திருப்பிவிடலாமே என்று. திருப்பினால் வெயில் வலப்பக்கம் வந்துவிடும், சரிதான். ஆனால் கருப்பின் இடது காது நுனியில் ஒரு சின்னக் கிழிசல், குட்டியாக இருந்தபோது இன்னொரு நாய் கடித்தது. திருப்பினால் அது வலது காதுக்குப் போய்விடும். வேறு யார் கவனிக்காவிட்டாலும் தினம் தடவிக்கொடுத்தவர் முதலில் பார்ப்பது அந்தக் காதைத்தான். நாயின் உடம்பில் ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இருப்பதில்லை, திருப்பக் கூடாது.

நேரத்துக்குக் கடிகாரத்தை நம்பாமல் ஒரு அடி நீளக் குச்சியைத் தோட்டத்தில் நட்டு வைத்தோம். அதன் நிழல் ஒன்றரை அடி ஆனபோது எடுக்க ஆரம்பித்தேன். முக்காலியில் உட்கார்ந்து, போனின் லென்ஸ் தரையிலிருந்து 70 செ.மீ உயரத்தில் இருக்கும்படி, சாய்க்காமல் நேராகப் பிடித்து. போனில் 0.5 என்று இருக்கும் அகலமான லென்ஸைத் தொடவே கூடாது, அது ஓரங்களை இழுத்துவிடும்.

நாய் நிற்க வேண்டிய இடத்தில், என்னிடமிருந்து பத்தடியில், ஒரு உயரமான ஸ்டூலை வைத்து அதன் மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைத் தரையைத் தொடும்படி போர்த்தினேன். பேரன் சிரித்தான். ஆனால் இந்தத் துண்டு சொன்னதை வேறு எந்தப் போட்டோவும் சொல்லாது. ஒரு வெள்ளைப் பொருள், அந்த இடத்தில், அந்த வெயிலில் என்ன நிறமாக ஆகிறது என்பதுதான் இந்தப் படத்தின் பாதி.

வெள்ளை நாயை போன் எடுக்கும்போது வெயில் பட்ட பக்கம் முழுக்க வெளுத்துப்போய்விடும், ரோமமே தெரியாது. நிலைக்கு எடுத்த போட்டோவிலும் நெஞ்சு அப்படித்தான் இருந்தது. வெளுத்த இடத்தில் தகவல் எதுவும் இல்லை, எந்த ஆப்பில் போட்டு இருட்டாக்கினாலும் சாம்பல் நிற வெற்றிடம்தான் வரும். நெஞ்சில் ரோமம் எந்தத் திசையில் படிந்திருக்கிறது, எங்கே சுழி என்பதை நிழலில் எடுத்த வேறு போட்டோவிலிருந்துதான் எடுக்க முடியும், திண்ணையில் படுத்திருக்கும் ஒன்றிலிருந்து எடுத்தேன். திசையை மட்டும்தான். வெளிச்சம் அதிலிருந்து அல்ல.

நிறத்துக்குத் துண்டு. வெயில் படாத பக்கம் வானத்தின் நீலம் மெலிதாக ஏறியிருந்தது, கீழ்ப்பக்கம் புல்லின் பச்சை தொற்றியிருந்தது. பையன் எடுத்த போட்டோவில் கருப்பு நின்றது சிமென்ட் தரை, அதனால் வயிறு சாம்பலாக இருக்கும். அந்தச் சாம்பலோடு புல் மேல் வைத்தால், அது எங்கிருந்தோ வந்தது என்பதை வயிறே காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றையும் கால்களின் உட்பக்கத்தையும் மஞ்சள் கலந்த பச்சைச் சாயலோடு திரும்பப் போட வேண்டும், மெலிதாக, அதிகமானால் பாசி பிடித்த மாதிரி ஆகும். நிழலுக்கு அல்ட்ராமரைன் ப்ளூவும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல், அதில் டைட்டானியம் வைட். புட்டியிலிருந்து எடுத்த சுத்த வெள்ளை கடைசியில் நெற்றியிலும் நெஞ்சின் விளிம்பிலும் மட்டும்தான் போனது. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும் என்பதால் நிழலைக் கொஞ்சம் வெளிறலாகவே கலந்துகொள்வது என் வழக்கம்.

பலருக்கு நம்பிக்கை வராத ஒரு விஷயம்: வெள்ளை நாயின் நிழல் பக்கமும் வெயில் பட்ட புல்லும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம்தான். வெள்ளை என்று மனசுக்குத் தெரிந்திருப்பதால் கை தானாக அதை வெளிறலாகப் போடும். சோதிக்க வழி உண்டு. வரைந்ததை போனில் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், துண்டுப் போட்டோவையும் அப்படியே. துண்டின் நிழல் பக்கம் புல்லோடு கரைந்திருக்க, உங்கள் நாயின் நிழல் பக்கம் மட்டும் பளிச்சென்று தனியே தெரிந்தால், அதனால்தான் அது வெட்டி ஒட்டியது போல இருக்கிறது.

பின்னணிக்கும் இதே கணக்குதான். நந்தியாவட்டை பூத்துக் குலுங்கியது, அதை நேராகத் தலைக்குப் பின்னால் வைத்தால் வெள்ளைப் பூவுக்குள் வெள்ளைத் தலை காணாமல் போகும். முக்காலியை ஒரு எட்டு வலப்பக்கம் நகர்த்தியதும் செடி வலது ஓரத்துக்குப் போனது, முகத்துக்குப் பின்னால் கொய்யா நிழலில் கிடந்த செம்பருத்திப் புதர் வந்தது. வெயில் பட்ட முகத்துக்குப் பின்னால் இருட்டு, நிழலான விலாவுக்குப் பின்னால் வெயில் பட்ட காம்பவுண்ட் சுவர்.

பிறகு வரைவது. கண்மட்டக் கோட்டை கேன்வாஸ் போர்டில் முதலில் போட்டேன். தோட்டத்தையும் நாயையும் ஒரே உயரத்தில் எடுத்ததால் இங்கே அளவுக் கணக்கே தேவையில்லை. பாதம் எங்கே வைத்தாலும் தோள் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். பாதம் கோட்டுக்கு ஐந்து அங்குலம் கீழே என்றால் தோள் உயரம் ஐந்து அங்குலம், பின்னால் தள்ளி நான்கு அங்குலத்தில் வைத்தால் நான்கு. டீச்சர் "கொஞ்சம் பெருசா போடலாமா" என்றபோது நாயைப் பெருக்கவில்லை, பாதத்தை முன்னால் இறக்கினேன். அப்படித்தான் பெரிதாக்க முடியும்.

கோட்டோவியத்தை மட்டும் முதலில் காட்டுவேன், பெயிண்ட் ஏறிய பிறகு திருத்தம் கேட்டால் இரண்டு பக்கமும் கஷ்டம். பார்த்ததும் டீச்சர் சொன்னது, "வால் இவ்வளவு தூக்க மாட்டான், தெருவுல தூக்குவான், தோட்டத்துல தொங்கப் போட்டுத்தான் நிப்பான்." வீடியோவில் நான் பார்த்தது கேட்டுக்கு ஓடிவந்த வால். வாலை இறக்கினோம். எல்லா போட்டோவிலும் கழுத்தில் சங்கிலி இருந்தது, அதை எடுத்துவிடச் சொன்னார். சங்கிலி அழுத்திய இடத்தில் ரோமம் படிந்திருக்கும், சங்கிலியை மட்டும் அழித்துவிட்டு அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டால் வினோதமாக இருக்கும், கழுத்து ரோமத்தையும் சேர்த்து எழுப்ப வேண்டும்.

பாதம் கடைசி. சிமென்டில் நிற்கும்போது நகம் வரை தெரியும், புல்லில் தெரியாது. பாதம் மண்ணைத் தொடும் இடத்தில் ஒல்லியாக, படத்திலேயே அடர்ந்த ஒரு இருட்டு, அங்கிருந்து வலப்பக்கமாக நீளும் நிழல் போகப்போக விளிம்பு மங்கி, புல் மேல் உடைந்து உடைந்து. துண்டின் நிழலை அப்படியே பார்த்துப் போட்டேன். பிறகு சில புல் இதழ்களைப் பாதத்தின் மேலாக இழுத்துவிட்டதும் நாய் இறங்கி நின்றுவிட்டது.

ஃப்ரேம் விஷயத்தில் மட்டும் ஒரு பேச்சு வந்தது. அக்ரிலிக்குக் கண்ணாடி வேண்டியதில்லை, வார்னிஷ் போதும். ஆனால் நம்ம வீடுகளில் போனவர்கள் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் இருப்பார்களா, அது பெயிண்டில் ஏறினால் போகாது. அதனால் கண்ணாடி போட்டுக்கொடுத்தேன், பெயிண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சின்ன ரீப்பர் வைத்து. இடைவெளி விடாவிட்டால் மதுரை சித்திரை வெயிலில் அக்ரிலிக் இளகி கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகத்தோடு வரும். மாலை மாட்ட மேலே தனியாக ஒரு ஆணி அடித்துக்கொள்ளச் சொன்னேன், டீச்சர், "மாலையெல்லாம் வேண்டாம்ப்பா, பிச்சுப் போட்டுருவான்" என்றார்.